மொட்டைமாடி சோலாரை எந்த மீட்டரில் சேர்ப்பது?

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கு வரும் சோலார் முன்மொழிவுகள் பெரும்பாலும் மொட்டைமாடியின் பரப்பளவில் தொடங்குகின்றன. இத்தனை சதுர அடி இருக்கிறது, இத்தனை பேனல் வைக்கலாம், இத்தனை கிலோவாட் வரும், இத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று ஒரே பக்கத்தில் கணக்கு முடிந்துவிடும். அந்தக் கணக்கு மாடியில் தொடங்காமல் மீட்டர் அறையில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த மீட்டரில் சேர்க்கிறோம், அந்த மீட்டர் எந்த நேரத்தில் ஓடுகிறது என்ற இரண்டும் தெரிந்தால்தான் எத்தனை பேனல் வேண்டும் என்பதே தெரியும்.

தமிழ்நாட்டில் இதற்குக் கூடுதலான காரணம் உண்டு. இங்கே வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேலும் படிப்படியாகத்தான் விலை ஏறுகிறது. இரண்டு மாதத்தில் 350 யூனிட் எரிக்கும் ஒரு குடும்பம் கடைசி யூனிட்டுக்குக் கொடுப்பது ஐந்து ரூபாய்க்கும் கீழே. அதே கட்டடத்தில் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றுக்கான பொது இணைப்பின் நிலைமை வேறு. 2022 செப்டம்பரில் கட்டணம் மாற்றப்பட்டபோது பொது இணைப்பு தனி வகையாகப் பிரிக்கப்பட்டு, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று ஆனது. பின்னர் ஏறி எட்டரை ரூபாயைத் தாண்டியது. அதில் இலவச யூனிட் கிடையாது, முதல் யூனிட்டுக்கே முழு விலை. லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்கு மேற்படாத, பத்து வீடு வரை உள்ள சிறு குடியிருப்புகளுக்கு மட்டும் 2023இல் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள்.

பேனல் தரும் ஒரு யூனிட்டின் மதிப்பு, அது எந்த யூனிட்டை விலக்குகிறதோ அந்த யூனிட்டின் விலைதான். ஒரு வீட்டின் மீட்டரில் ஐந்து ரூபாயை மிச்சப்படுத்தும் அதே மின்சாரம், பொது மீட்டரில் எட்டரை ரூபாயை மிச்சப்படுத்துகிறது. ஆகவே லிஃப்ட் உள்ள குடியிருப்பு பேனல் வைக்க நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது பொது மீட்டரைத்தான்.

ஒரு மாதிரிக் கட்டடத்தை எடுத்துக்கொண்டு கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம். தரைத்தளம் கார் நிறுத்தம், அதன் மேல் ஐந்து மாடி, 40 வீடு, இரண்டு லிஃப்ட். பொது இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளு 20 கிலோவாட். இரண்டு மாத பில்லில் 3,600 யூனிட், அதாவது நாளுக்கு 60. இந்த 60 யூனிட் எங்கே போகிறது என்று பிரித்துப் பார்த்தால், இரண்டு லிஃப்டும் சேர்ந்து 14 யூனிட் எடுக்கின்றன. போர்வெல் மோட்டாரும் சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரும் 18. படிக்கட்டு, கார் நிறுத்தம், சுற்றுச்சுவர் விளக்குகள் 18. கேமரா, காவலாளி அறை, சங்க அறை எல்லாம் நாள் முழுக்கச் சிறிது சிறிதாக எடுத்து 10. உங்கள் கட்டடத்தில் எண்கள் மாறும். ஆனால் இந்தப் பிரிவினையைச் செய்யாமல் எந்த நிறுவனத்தின் விலைப்புள்ளியையும் கையில் எடுக்கக் கூடாது. ஒரு வாரம் காவலாளியிடம் சொல்லி மோட்டார் போடும் நேரத்தையும் நிறுத்தும் நேரத்தையும் குறித்துவைக்கச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இனி மாடிக்குப் போகலாம். ஒரு கிலோவாட் என்று முகப்பில் எழுதியிருக்கும் பேனல், சோதனைக்கூடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியும் 25 டிகிரி வெப்பமும் இருக்கும்போது தருவதுதான் அந்த ஒரு கிலோவாட். சென்னை மாடியில் ஏப்ரல் மதியம் பேனலின் உட்பகுதி 60 டிகிரியைத் தொடும். சிலிக்கான் செல்லின் திறன் ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறைகிறது. 35 டிகிரி கூடினால் 12 சதவீதம் போச்சு. வெயில் அதிகமென்றால் மின்சாரமும் அதிகம் என்று நாம் நினைப்பதில் பாதிதான் சரி. வேண்டியது ஒளி, வெப்பம் அதற்கு எதிரி. இதனால்தான் பேனலைத் தளத்தோடு ஒட்டிப் பதிக்காமல் அடியில் காற்று ஓட இடம்விட்டு உயர்த்துகிறார்கள். தூசி, கம்பி, இன்வெர்ட்டர் ஆகியவற்றின் இழப்பையும் கழித்தால், சென்னையில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டு சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். மார்ச், ஏப்ரலில் அதற்கு மேலே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாக நவம்பரிலும் டிசம்பரிலும், நன்றாகக் கீழே இறங்கும். நாளுக்கு ஐந்து யூனிட் என்று ஆண்டு முழுவதற்கும் எழுதித் தரும் முன்மொழிவை நம்ப வேண்டாம்.

அப்படியானால் நம் மாதிரிக் கட்டடத்தின் 60 யூனிட்டையும் ஈடுகட்ட 15 கிலோவாட் வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு நடைபாதையும் இடைவெளியும் சேர்த்து சுமார் 100 சதுர அடி என்று வைத்தால் 1,500 சதுர அடி. இடம் இருக்கிறது. ஆனால் 15 கிலோவாட்தான் சரியான அளவா என்பதற்கான விடை மாடியில் இல்லை. அது மின்வாரியத்தின் கணக்கு முறையில் இருக்கிறது.

பேனலிலிருந்து வரும் மின்சாரம் இன்வெர்ட்டர் வழியாக நம் பொது மின்பலகைக்கு வருகிறது. அந்த நொடியில் லிஃப்டோ மோட்டாரோ ஓடிக்கொண்டிருந்தால் அதற்குப் போய்விடும். எதுவும் ஓடவில்லையென்றால் மீட்டரைக் கடந்து தெருக்கம்பிக்குப் போகும். வாரியம் பொருத்தும் இருதிசை மீட்டர், உள்ளே வந்ததை ஒரு பதிவிலும் வெளியே போனதை இன்னொரு பதிவிலும் எழுதிக்கொள்கிறது. வெளியே போனதை வாரியம் எப்படி மதிக்கிறது என்பதில் இரண்டு முறைகள் உண்டு. நெட் மீட்டரிங் முறையில் வெளியே போன யூனிட்டை உள்ளே வந்த யூனிட்டிலிருந்து நேராகக் கழிக்கிறார்கள். மதியம் தந்த யூனிட்டும் இரவு வாங்கிய யூனிட்டும் ஒரே விலை. நெட் பில்லிங் முறையில் வாங்கியதற்கு முழு விலையும், தந்ததற்கு ஆணையம் நிர்ணயித்த குறைந்த விலையும் போட்டு ரூபாயில் கழிக்கிறார்கள்.

மத்திய அரசின் மின்நுகர்வோர் உரிமை விதிகளின் 2021 திருத்தம், அனுமதிக்கப்பட்ட மின்பளு அல்லது 500 கிலோவாட், இரண்டில் எது குறைவோ அதுவரை நெட் மீட்டரிங் தரலாம் என்கிறது. நடைமுறையில் எந்த வகை இணைப்புக்கு எந்த முறை என்பதை மாநில ஒழுங்குமுறை ஆணையமே ஆணையாக வெளியிடுகிறது. ஆணைகள் மாறிக்கொண்டும் இருக்கின்றன. ஆகவே பணம் வசூலிக்கும் முன் சங்கத்தின் கடிதத்தாளில் மின்வாரியச் செயற்பொறியாளருக்கு எழுதி, இந்த எண்ணுள்ள பொது இணைப்புக்கு நெட் மீட்டரிங்கா நெட் பில்லிங்கா, தரும் யூனிட்டுக்கு என்ன விலை, நெட்வொர்க் கட்டணம் பொருந்துமா, பொருந்தினால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்வது போதாது. அவர் கணக்கு பெரும்பாலும் நெட் மீட்டரிங் என்ற அனுமானத்தில்தான் இருக்கும்.

அந்த ஒரு பதில் கணக்கை எவ்வளவு மாற்றும் என்று பார்ப்போம். உயர்த்திய சட்டம், மின்னல் தடுப்பு, மண் இணைப்பு எல்லாம் சேர்த்து ஒரு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் என்று கொள்வோம். 15 கிலோவாட்டுக்கு 9 லட்சம். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. தனி வீட்டுக்கான 78,000 ரூபாய் உச்சவரம்பு வேறு கணக்கு, இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 15 கிலோவாட்டுக்கு மானியம் 2 லட்சத்து 70 ஆயிரம். கையிலிருந்து போவது 6 லட்சத்து 30 ஆயிரம். ஆனால் மானியம் பேனல் நிறுவி, மீட்டர் மாற்றி, ஓடத் தொடங்கிய பிறகுதான் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வரும். முதலில் முழு 9 லட்சமும் தயாராக இருக்க வேண்டும். உள்நாட்டில் தயாரித்த செல்லும் பேனலும் இருந்தால்தான் மானியம் என்பதால், விலை குறைவாகச் சொல்பவரிடம் இதை முதலில் கேட்டுவிட வேண்டும்.

நெட் மீட்டரிங் கிடைத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 21,900 யூனிட், யூனிட்டுக்கு எட்டரை ரூபாய், மொத்தம் 1 லட்சத்து 86 ஆயிரம். பராமரிப்புக்கு 20,000 கழித்தால் 1 லட்சத்து 66 ஆயிரம். நான்கு ஆண்டுக்குள் பணம் திரும்பிவிடும்.

நெட் பில்லிங் என்றால் மீட்டர் ஓடும் நேரம் முக்கியமாகிவிடுகிறது. பெரும்பாலான கட்டடங்களில் மோட்டாரை விடியற்காலையிலும் இரவிலும் போடுகிறார்கள். விளக்கு எரிவது முழுக்க இரவில். அப்படியானால் பகலில் பேனல் நேரடியாக ஊட்டுவது லிஃப்டின் ஒரு பகுதியையும் கேமரா வகையறாவையும்தான், நாளுக்கு 9 யூனிட் தேறும். மீதி 51 யூனிட்டும் தெருவுக்குப் போகும். தருவதற்கு மூன்று ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு மிச்சம் 230 ரூபாய்தான். பராமரிப்பும் போக, பணம் திரும்ப ஏறக்குறைய பத்து ஆண்டு. அதே பேனல், அதே வெயில், அதே கட்டடம்.

இப்போது மோட்டார் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். இரண்டு மோட்டாரும் தலா 5 குதிரைத்திறன், ஓடும்போது சுமார் 4 கிலோவாட் எடுக்கும். காலை பத்து மணிக்குப் போர்வெல், அது முடிந்ததும் மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் என்று ஒன்றன்பின் ஒன்றாக மதியம் இரண்டரைக்குள் முடித்துவிட்டால், 18 யூனிட்டும் சூரியனிலிருந்தே வரும். நேரடிப் பயன் 9 யூனிட்டிலிருந்து 27 ஆகிறது. பத்து ஆண்டு என்பது ஆறு ஆண்டுச் சொச்சமாகக் குறைகிறது. இதற்கு ஆகும் செலவு ஒரு டைமர். கூடவே மேல்தொட்டி மறுநாள் காலைக் குளியல் நேரம் வரை தாங்குமா என்பதைப் பார்க்க வேண்டும். தாங்காது என்றால் விடியற்காலையில் அரைமணி நேரம் மட்டும் கூடுதலாக ஓட்டலாம். இரண்டு மோட்டாரையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது என்பதையும் காவலாளிக்குச் சொல்லிவைக்க வேண்டும். பேனல் ஆறு கிலோவாட் தரும் நேரத்தில் எட்டு கிலோவாட் இழுத்தால் குறைவது வாரியத்திலிருந்து முழு விலைக்கு வரும்.

நெட் பில்லிங்கில் இன்னொரு வழியும் இருக்கிறது, அதைத்தான் நான் முதலில் சொல்வேன். பேனலைக் குறையுங்கள். 8 கிலோவாட் வைத்தால் நாளுக்கு 32 யூனிட் வரும். மோட்டார் பகலில் ஓடினால் அதில் 25 யூனிட் உள்ளேயே செலவாகும், 7 மட்டும் வெளியே போகும். செலவு 4 லட்சத்து 80 ஆயிரம், மானியம் 1 லட்சத்து 44 ஆயிரம், நிகரம் 3 லட்சத்து 36 ஆயிரம். ஆண்டுக்குப் பராமரிப்பு போக 70,000 ரூபாய் மிச்சம். ஐந்து ஆண்டுக்குள் பணம் திரும்புகிறது. அதே நெட் பில்லிங்கில் 15 கிலோவாட்டை விட இது சிறந்த முதலீடு. நெட் மீட்டரிங் கிடைத்தால் பெரியது, நெட் பில்லிங் என்றால் பகல் தேவைக்கு அளவானது. மோட்டார் நேரத்தை மாற்றுவது எந்த முறையிலும் நட்டமில்லை, விதி நாளை மாறினாலும் அது காப்பாற்றும்.

எந்தக் கணக்கிலும் குறையாத ஒன்று நிலைக்கட்டணம். அது அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்கு ஏற்ப வருவது. பில் சுழியம் ஆகிவிடும் என்று யாராவது பொதுக்குழுவில் சொன்னால் அங்கேயே திருத்திவிட வேண்டும்.

முதல் பில் வந்ததும் அடுத்த குழப்பம் வரும். இன்வெர்ட்டர் செயலி இரண்டு மாதத்தில் 1,920 யூனிட் உற்பத்தி என்று காட்டுகிறது, பில்லில் வெளியே போனது 420 யூனிட்தான் என்று இருக்கிறது, மீதி 1,500 யூனிட்டை வாரியம் திருடிவிட்டதா என்று வாட்ஸ்அப் குழுவில் கேள்வி எழும். அந்த 1,500 யூனிட்டும் மீட்டருக்கு வருமுன்பே லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் போய்விட்டது. இருதிசை மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. கட்டடத்தின் உண்மையான நுகர்வைக் காண, உள்ளே வந்ததோடு உற்பத்தியைக் கூட்டி, வெளியே போனதைக் கழிக்க வேண்டும். நம் மாதிரியில் உள்ளே வந்தது 2,100, அதோடு 1,920, கழித்தல் 420, ஆக 3,600. பழைய நுகர்வோடு சரியாகப் பொருந்துகிறது. இந்தக் கூட்டல் பழைய நுகர்வை விட மிகவும் கூடினால் எங்கோ ஏதோ புதிதாக மின்சாரம் எடுக்கிறது என்று பொருள். உற்பத்தி மீட்டரின் எண்ணை மட்டும் தனியாகக் கிலோவாட்டால் வகுத்துப் பாருங்கள். தெளிவான ஏப்ரல் நாளில் ஒரு கிலோவாட்டுக்கு 3 யூனிட்டுக்கும் கீழே வந்தால் தூசியோ, நிழலோ, ஒரு வரிசை அறுந்துபோனதோ காரணமாக இருக்கும்.

பல குடியிருப்புகளில் பொது இணைப்பு ஒன்றுக்கு மேல் இருக்கும். லிஃப்டுக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. சோலார் எந்த இணைப்பில் சேர்கிறதோ அதற்கு மட்டும்தான் கணக்கு. விளக்கு மீட்டரில் சேர்த்துவிட்டுப் பகலில் மோட்டாரை ஓட்டிப் பயனில்லை. விண்ணப்பிக்கும் முன் அவற்றை ஒன்றாக்க வாரியத்திடம் கேளுங்கள். இணைப்பு இன்னும் கட்டுநர் பெயரில் இருந்தால் சங்கத்தின் பெயருக்கு மாற்றுங்கள். பேனல் வந்து இறங்கிய பிறகு மீட்டருக்காகக் காத்திருப்பதற்கு இந்தப் பெயர் மாற்றம் ஒரு பெரிய காரணம்.

வீடுகளுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்பது நியாயம்தான். ஒவ்வொருவரும் தனித்தனியாக 3 கிலோவாட் வைத்தால் 40 வீட்டுக்கு 12,000 சதுர அடி வேண்டும், எந்த மாடியும் தாங்காது. முதலில் வந்த ஐந்தாறு பேர் பொதுவான மாடியை எடுத்துக்கொள்ளும் நிலை வரும். இதற்காகத்தான் மெய்நிகர் நெட் மீட்டரிங் என்ற முறை உருவானது. டெல்லி மின் ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் இதற்கு வழிமுறைகள் வகுத்தது. மாடியில் ஒரே நிலையம், அதற்கென ஒரு மீட்டர், அதிலிருந்து எல்லாமே மின்தொகுப்புக்குப் போகும். மாதம் எத்தனை யூனிட் போனதோ அதை உறுப்பினர்களுக்குள் முன்பே எழுதிக்கொடுத்த விகிதத்தில் பிரித்து, ஒவ்வொருவர் பில்லிலும் வாரியமே கழித்துவிடும். வீட்டுக்குள் ஒரு கம்பிகூட மாற வேண்டியதில்லை.

மாநில ஆணையத்தின் விதி இருக்கும் இடத்தில் மட்டுமே இது நடக்கும். அந்த விதி இருந்தாலும் தமிழ்நாட்டில் படிநிலைக் கட்டணம் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. இரண்டு வீடு சமமாகப் பணம் போட்டு, இரண்டு மாதத்துக்கு ஆளுக்கு 150 யூனிட் பெறுவதாக வைத்துக்கொள்வோம். 350 யூனிட் எரிக்கும் வீட்டில் அந்த 150 யூனிட் சுமார் எழுநூறு ரூபாய்தான் மிச்சப்படுத்தும். ஏசி மூன்று ஓடி 1,100 யூனிட் எரிக்கும் வீட்டில் யூனிட்டுக்குப் பத்து, பதினொரு ரூபாயாகக் கழியும், ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் மிச்சம். 500 யூனிட்டைச் சற்றே தாண்டும் வீட்டுக்குக் கூடுதல் பலனும் உண்டு. அந்த எல்லைக்குக் கீழே இறங்கினால் தொடக்கப் படிகளின் சலுகை விலை திரும்பக் கிடைக்கும். ஆகவே வீட்டுப் பங்கு திட்டத்தைக் கட்டாயமாக்கக் கூடாது. அதிகம் எரிப்பவர்கள் விரும்பிச் சேர்ந்து, போட்ட பணத்தின் விகிதத்தில் யூனிட் பெறட்டும். அவர்கள் எடுத்துக்கொள்ளும் மாடிக்குச் சங்கத்துக்கு வாடகை தரட்டும். பொது மீட்டருக்கான இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் இது.

தொழில்நுட்பத்தில் எல்லாவற்றையும் உறுப்பினர்கள் அறிய வேண்டியதில்லை. மூன்றை மட்டும் ஒப்பந்தத்தில் விடக் கூடாது. முதலாவது ஜெனரேட்டர். மின்தொகுப்போடு இணைந்த இன்வெர்ட்டர், கரண்ட் போன நொடியில் தானும் நின்றுவிடும். தெருக்கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். சோலார் இருந்தால் மின்வெட்டில் லிஃப்ட் ஓடும் என்பது தவறான எதிர்பார்ப்பு. இதைவிட ஆபத்து ஒன்று உண்டு. சோலாரைச் சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்கு உட்புறம், அதாவது மின்பளுவின் பக்கம் இணைத்துவிட்டால், ஜெனரேட்டர் ஓடும்போது இன்வெர்ட்டர் அதையே மின்தொகுப்பு என்று எண்ணி விழித்துக்கொள்ளும். லிஃப்ட் நின்று தேவை சட்டென்று குறையும்போது உபரி மின்சாரம் ஜெனரேட்டருக்குள் பாயும், இயந்திரம் பழுதாகும். வாரியத்தின் பக்கம் இணைப்பதோ, ஜெனரேட்டர் ஓடும்போது சோலாரைத் தானாகத் துண்டிக்கும் அமைப்போ கட்டாயம் என்று எழுதுங்கள். வேலை முடிந்த நாளில் ஜெனரேட்டரை ஓட்டிச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது காற்று. கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் வர்தா புயலைப் பார்த்த ஊருக்கு இது வெறும் எண்ணாகத் தெரியாது. சட்டம் அந்த வேகத்தைத் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து வேண்டும். தளத்தின் தட்டோட்டைத் துளைத்து ஆணி இறக்க விடாதீர்கள், ஒழுகல் மேல்மாடி வீட்டில் தெரிய ஒரு மழை போதும். கான்கிரீட் பீடம் அமைத்து அதன் எடையிலேயே நிற்கவைக்கும் முறை இருக்கிறது. பழைய கட்டடமென்றால் அந்த எடையைத் தளம் தாங்குமா என்பதையும் அதே பொறியாளரே பார்க்கட்டும்.

மூன்றாவது நிழல். டிசம்பர் மதியம் சென்னையில் சூரியன் ஏறக்குறைய 53 டிகிரி உயரத்தில் இருக்கும். நான்கு மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் அப்போது வடக்கே மூன்று மீட்டர் விழும், காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். கோடையில் சென்னை உச்சிவெயில் வடக்குப் பக்கம் சாய்ந்துவிடுவதால் நிழல் தெற்கே விழும். ஆகவே தொட்டியின் தென்புறம் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் விழும் நிழல் முழு வரிசையையும் இழுத்துப்பிடிக்கும் என்பதால், நிழல் விழும் இடத்தில் இரண்டு பேனலைத் தவிர்ப்பது லாபம். கழுவுவதற்குப் போர்வெல் உப்புத்தண்ணீர் வேண்டாம். காய்ந்த பிறகு படியும் வெள்ளைப் படலம் தூசியை விட மோசம். ஆகவே மெட்ரோ தண்ணீர் வரும் குழாய் ஒன்றை மாடி வரை கேட்டு வாங்குங்கள்.

இனிப் பணம். பொதுக்குழுவில் கடும் வாக்குவாதம் இங்கேதான் எழும். 8 கிலோவாட் திட்டத்தின் நிகரச் செலவை 40 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 8,400 ரூபாய். தொகை பெரிதல்ல, யார் தருவது என்பதுதான் சிக்கல். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் உரிமையாளர், நான் பணம் போட்டு வாடகைதாரரின் மெயின்டனன்ஸைக் குறைக்க வேண்டுமா என்று கேட்பார். அவர் கேட்பதில் தவறில்லை. இதற்கு நான் கண்ட நல்ல வழி, புதிதாக வசூலிக்காமல் சங்கத்தின் கார்பஸ் நிதியிலிருந்து செலவிடுவது. பிறகு மெயின்டனன்ஸைக் குறைக்காமல் பழைய அளவிலேயே வசூலித்து, மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கார்பஸுக்குத் திருப்பிவிடுவது. உரிமையாளர்களின் நிதி உரிமையாளர்களுக்கே திரும்புகிறது, வாடகைதாரருக்கும் கூடுதல் சுமை இல்லை. கார்பஸ் முழுதாக நிரம்பிய பிறகு மெயின்டனன்ஸைக் குறைக்கலாம். அப்போதும் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்க வேண்டும். பேனல் 25 ஆண்டு உழைக்கும், இன்வெர்ட்டர் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவு வரும்போது அன்றைய செயலாளர் மறுபடி ஒரு வசூலைத் தொடங்கும்படி விடக் கூடாது.

தீர்மானத்தில் இவை எல்லாம் வார்த்தையாக இருக்க வேண்டும்: இணைப்பு எண், கிலோவாட், வாரியத்தின் பதில் கடிதம், மோட்டார் ஓடும் நேரம், மானியம் வந்து சேரும் வங்கிக் கணக்கு, கார்பஸுக்குத் திரும்பும் தொகையைக் கணக்கிடும் முறை. அந்தத் தொகைக்கு உற்பத்தி மீட்டர், இருதிசை மீட்டர் இரண்டின் எண்களையும் பில் தேதியன்று குறித்து அறிவிப்புப் பலகையில் போடும் பொறுப்பு யாருடையது என்பதையும் பெயரோடு எழுதிவிடுங்கள்.